விளக்கம்: புகைப்படங்களில் தெரியும் ஒளிக்கோளங்களும் 'ஆவி' உருவங்களும் எப்படி உருவாகின்றன?

புது தில்லி: ராஜஸ்தான் மாநிலம் அல்வர் மாவட்டத்தில், சரிஸ்கா வனப்பகுதியை ஒட்டி அமைந்துள்ளது 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பான்கர் கோட்டை. சூரியன் மறைந்த பின்னரும் உதிப்பதற்கு முன்னரும் கோட்டைக்குள் நுழையக் கூடாது என இந்தியத் தொல்லியல் துறை அங்கு அறிவிப்புப் பலகை வைத்துள்ளது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் பெரும்பாலானவற்றில் நடைமுறையில் உள்ள விதிதான் இது. எனினும், அந்தக் கோட்டையைப் பேய்க் கோட்டை என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு இப்பலகை சான்று என்ற பேச்சு பல ஆண்டுகளாக நிலவுகிறது.

அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்ப்பவை அங்கு எடுக்கப்படும் புகைப்படங்கள். அந்தி நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் எடுக்கும் படங்களில் வெண்ணிற வட்டங்கள் மிதக்கின்றன. சிலவற்றில் பச்சைப் புள்ளிகளும், வேறு சிலவற்றில் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் மனித உருவமும் காணப்படுகின்றன. படம் எடுத்தபோது அங்கு இருந்தவர்கள் யாரும் இவற்றைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். 'கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்துவிட்டது' என்ற முடிவுக்குப் பலர் வருவது இதனால்தான்.

கேமராவில் ஒன்று பதிவாகியிருக்கிறது என்பது உண்மை. படத்தில் உள்ள வட்டமும் பொய்யன்று, பச்சைப் புள்ளியும் பொய்யன்று. ஆனால் அவை படத்தில் தெரியும் இடத்தில் இருந்தவை அல்ல. முதலாவது லென்ஸுக்கு மிக அருகில் மிதந்த தூசு. இரண்டாவது லென்ஸுக்குள்ளேயே எழுந்த பிரதிபலிப்பு. மூன்றாவது ஒரே படத்தில் பதிந்த இரண்டு கணங்கள். இம்மூன்றும் தனித்தனி அடையாளங்களை விட்டுச் செல்வதால், வீட்டிலேயே அவற்றைப் பிரித்தறிய முடியும்.

தூசு எப்படிக் கோளமாகிறது?

ஒரு குடும்பம் மாலை வேளையில் கோட்டை வாயிலில் நின்று படம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வெளிச்சம் குறைந்துவிட்டதால் சிறிய டிஜிட்டல் கேமரா தானாகவே ஃபிளாஷை எரியவிடுகிறது. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானோர் நடந்த வறண்ட தரை என்பதால் காற்றில் புழுதி நிறைந்திருக்கிறது. படத்தைப் பார்த்தால், பாட்டியின் தலைக்கு மேலே ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு வெண்ணிற வட்டம் தெரிகிறது. மறைந்த தாத்தாவே வந்து நிற்கிறார் என வீட்டில் ஒருவர் சொல்கிறார்; இடம் சரியில்லை என மற்றொருவர் அஞ்சுகிறார்.

அந்த வட்டம் உருவான விதத்தை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். கேமரா 2.5 மீட்டர் தொலைவில் நிற்கும் குடும்பத்தின் மீது குவியம் கொண்டுள்ளது. லென்ஸின் துளை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதே வேளையில் லென்ஸுக்கு 6 சென்டிமீட்டர் முன்னால் ஒரு தூசுத் துகள் மிதந்து செல்கிறது. லென்ஸுக்கு இவ்வளவு அருகே வந்துவிட்ட பொருள் புள்ளியாகப் பதியாது. அதிலிருந்து வரும் ஒளி லென்ஸின் துளை முழுவதையும் நிரப்பி, சென்சாரின் மீது ஒரு வட்டமாகப் பரவிவிடும். மேற்கண்ட அளவுகளின்படி அந்த வட்டம், 2.5 மீட்டர் தொலைவில் உள்ள 8 சென்டிமீட்டர் அகலப் பொருள் ஒன்று படத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். கண்ணுக்கே புலப்படாத துகள், பாட்டியின் தலைக்கு மேல் பழம் போல நிற்பது இவ்வாறுதான்.

வட்டத்தின் அளவு தூசின் அளவைப் பொறுத்ததன்று என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. துகள் லென்ஸிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது, துளை எவ்வளவு அகலம் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. வட்டத்தின் வடிவமும் துளையின் வடிவமே. துளையைச் சுருக்கும் தகடுகள் கொண்ட கேமராக்களில் இதே தூசு அறுகோணமாகவோ எண்கோணமாகவோ பதிவதற்குக் காரணம் இதுதான். படத்தின் ஓரங்களில் தெரியும் 'கோளங்கள்' ஒரு பக்கம் வெட்டப்பட்டது போல இருப்பதும் உண்டு. லென்ஸின் விளிம்பு அங்கு ஒளியின் ஒரு பகுதியை மறைத்துவிடுவதே அதற்குக் காரணம்.

இவ்வளவு சிறிய துகள் சென்சாரில் பதியும் அளவுக்குப் பிரகாசமாக இருப்பது எப்படி என்ற கேள்வி எழலாம். ஃபிளாஷின் ஒளி, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே செல்லும். 6 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள துகளின் மீது விழும் ஒளி, 2.5 மீட்டர் தொலைவில் உள்ள முகத்தின் மீது விழும் ஒளியைக் காட்டிலும் 1,700 மடங்குக்கும் மேல் வலுவானது. அந்த ஒளியின் ஒரு பகுதி நேராக லென்ஸுக்கே திரும்பி வருகிறது. மூடுபனியில் காரின் உயர் ஒளி விளக்கை எரியவிட்டால் சாலைக்குப் பதிலாக வெள்ளைத் திரை ஒன்றே தெரியும் அல்லவா? அங்கு நிகழ்வதும் இதுவே.

டிஜிட்டல் கேமரா வந்த பின் ஏன் பெருகின?

ஒளிக்கோளப் படங்கள் பெருமளவில் பேசப்படத் தொடங்கியது 1990-களின் பிற்பகுதியில்தான். கையடக்க டிஜிட்டல் கேமராக்கள் மக்களிடம் பரவிய காலமும் அதுவே. ஆவிகள் அந்தக் காலகட்டத்தில் பெருகவில்லை. கேமராவின் அமைப்புதான் மாறியது.

கேமரா சிறிதானபோது இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, ஃபிளாஷும் லென்ஸும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிட்டன. லென்ஸுக்கு முன்னுள்ள சில சென்டிமீட்டர் காற்று முன்பு ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு அப்பால் இருந்தது. இப்போது லென்ஸ் பார்க்கும் இடமும் ஃபிளாஷ் ஒளியூட்டும் இடமும் அங்கேயே ஒன்றன் மீது ஒன்று படிகின்றன. மற்றொன்று, சென்சார் சிறிதானதால் லென்ஸின் குவியத் தொலைவும் 50 மில்லிமீட்டரிலிருந்து 5 அல்லது 6 மில்லிமீட்டராகக் குறைந்தது.

பெரிய கேமராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு முன்னாலும் தூசு மிதக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் துளை பெரியது என்பதால் தூசின் ஒளி படத்தின் கணிசமான பரப்பில் பரவிவிடுகிறது. துகள் அதே இடத்தில் இருந்து, ஒளியூட்டலும் துளை எண்ணும் ஒன்றாகவே இருந்தாலும், 6 மில்லிமீட்டர் லென்ஸில் தெரியும் வட்டத்தைவிட அது ஏறத்தாழ 70 மடங்கு மங்கலாகும். அவ்வளவு மங்கிய வட்டத்தைக் கண் பிரித்தறியாது. எனவே ஒரே இடத்தில், ஒரே இரவில், சிறிய கேமராவில் கோளங்கள் தெரிவதும் பெரிய கேமராவில் தெரியாமல் போவதும் வியப்புக்குரியதன்று.

கண்காணிப்பு கேமராக்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். இரவில் அவை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகின்றன. அந்த ஒளியைத் தரும் சிறு விளக்குகள் லென்ஸைச் சுற்றி வளையமாகவே பொருத்தப்பட்டிருக்கும். அது மனிதக் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸின் முன் கடந்து செல்லும் தூசும் பூச்சியும் சிலந்தி இழையும் வெண்ணிறத்தில் ஒளிரும் உருவங்களாகப் பதிகின்றன. காற்றில் அசையும் ஓர் இழை, திரையில் அறையின் குறுக்கே மிதந்து செல்லும் வெள்ளைப் புகை போலத் தோன்றும். குவியத்துக்கு வெளியே இருப்பதால் அதன் வழியாகப் பின்னுள்ள கதவும் தெரியும். 'கதவை ஊடுருவிச் சென்ற உருவம்' என்ற தலைப்புடன் வலம் வரும் காணொளிகளில் கேமராவை ஒருமுறை துடைத்துவிட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி வேறொரு விளக்கைப் பொருத்தினால், அருகிலுள்ள தூசின் மீது ஒளி விழாது. கோளங்களும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பூச்சிகள் நீண்ட ஒளிக் கோடுகளாகவும் பதிகின்றன. ஒரு காட்சிச் சட்டத்தைப் பதிவு செய்யக் கேமரா நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஈ அந்த நேரத்தில் 8 சென்டிமீட்டர் கடந்துவிடும். நொடிக்கு ஏறத்தாழ 200 முறை சிறகடிக்கும் அது, அதற்குள் 8 முறை சிறகடித்திருக்கும். விளைவு, இருபுறமும் அலை அலையாகச் செதில்கள் கொண்ட ஒரு குச்சி. 1990-களில் அமெரிக்காவில் இத்தகைய பதிவுகளை 'ராட்ஸ்' எனப் பெயரிட்டு, அறியப்படாத உயிரினம் என்றே சிலர் நம்பினர்.

பச்சைப் புள்ளிகளுக்கு அளவுகோல் போதும்

இரண்டாவது வகை, ஃபிளாஷ் இல்லாமலும் தோன்றும் வண்ணப் புள்ளிகள். தீபாவளி இரவில் மின்விளக்கு அலங்காரம் செய்யப்பட்ட கட்டடத்தை செல்பேசியில் படம் எடுத்தால், இருண்ட வானத்தில் பச்சை நிறப் புள்ளிகள் அணிவகுத்து நிற்பதைப் பலர் கண்டிருப்பர். இதுவே லென்ஸ் ஃபிளேர் எனப்படும் உள் பிரதிபலிப்பு.

எந்தக் கண்ணாடிப் பரப்பும் தன் மீது விழும் ஒளி முழுவதையும் உள்ளே விடுவதில்லை. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. லென்ஸின் மீது பூசப்படும் மெல்லிய படலம் அதைப் பெரிதும் குறைக்கிறதே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை. லென்ஸுக்குள் நுழைந்த விளக்கொளியின் சிறு பகுதி சென்சாரிலோ அதன் மேலுள்ள வடிப்பானிலோ பட்டு முன்னோக்கித் திரும்புகிறது. பிறகு லென்ஸின் ஒரு பரப்பில் மீண்டும் எதிரொளித்துச் சென்சாரை இரண்டாம் முறை வந்தடைகிறது. இரு முறை எதிரொளித்ததால் அது மிக மங்கலானது. சுற்றிலும் இருள் சூழ்ந்திருந்து, விளக்கு மட்டும் மிகப் பிரகாசமாக இருந்தால்தான் அது கண்ணில் படும். பகல் படங்களில் இப்புள்ளிகள் அரிதாகவும் இரவுப் படங்களில் அதிகமாகவும் தெரிவது இதனால்தான். பூச்சுப் படலம் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் தடுப்பதில்லை என்பதால் எஞ்சும் ஒளிக்குப் பச்சை போன்றதொரு சாயல் கிடைக்கிறது.

இவ்வகையைக் கண்டறியும் சோதனை எளிது. படத்தின் நான்கு மூலைகளையும் குறுக்காக இணைத்தால் கிடைக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு நேர்கோடு வரைந்தால், ஐயத்துக்குரிய புள்ளி அந்தக் கோட்டின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கும். செல்பேசிப் படங்களில் அது பெரும்பாலும் நடுப்புள்ளியிலிருந்து அதே தொலைவில் இருக்கும். விளக்கு நடுவிலிருந்து மேல் வலப்புறமாக 3 சென்டிமீட்டரில் இருந்தால், புள்ளி கீழ் இடப்புறமாக 3 சென்டிமீட்டரில் இருக்கும். விளக்குகள் வரிசையாக இருந்தால் புள்ளிகளும் அதே வரிசையில் தலைகீழாக நிற்கும். படத்தை அரைச் சுற்றுத் திருப்பி மூலப்படத்தின் மீது வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். வானில் காணப்பட்ட 'பறக்கும் தட்டுகளின் அணிவகுப்பு', கீழே எரியும் விளக்குச் சரத்தின் தலைகீழ் நகல் என்பது அப்போது தெளிவாகும்.

பல கண்ணாடிகள் கொண்ட பெரிய லென்ஸ்களில் பிரதிபலிப்புகள் அதே கோட்டில் வெவ்வேறு தொலைவுகளில், வெவ்வேறு அளவுகளில் வரிசையாக அமையும். சில வேளைகளில் விளக்கு இருக்கும் பக்கத்திலேயே ஒன்றிரண்டு நிற்பதும் உண்டு. எனவே தொலைவைவிடக் கோட்டையே முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும். அந்த இடத்திலேயே நின்று சோதிக்க வாய்ப்பிருந்தால் இன்னும் எளிது. செல்பேசித் திரையைப் பார்த்தபடி கேமராவை மெல்லத் திருப்பினால், திரையில் விளக்கு ஒரு திசையில் நகரும்போது புள்ளி எதிர்த் திசையில் நகரும். விளக்கை மட்டும் கையால் மறைத்தால் புள்ளி உடனே மறைந்துவிடும்.

விளக்கிலிருந்து இருபுறமும் நீளும் ஒளிக்கீற்று வேறு வகை. விரல் பட்ட லென்ஸில் படிந்த எண்ணெய்ப் பசை நுண்ணிய கோடுகளாக இழுபட்டிருக்கும். அக்கோடுகளுக்குச் செங்குத்தான திசையில் விளக்கொளி சிதறி நீள்கிறது. படத்தில் உள்ள எல்லா விளக்குகளிலிருந்தும் ஒரே சாய்வில் கீற்றுகள் புறப்பட்டால் லென்ஸைத் துணியால் துடைப்பதே போதுமானது. ஃபிளாஷ் படங்களில் ஒரு மூலையிலிருந்து இறங்கும் பின்னல் போன்ற தடித்த வெண்ணிறச் சுருளைச் சிலர் 'ஆற்றல் சுழல்' என்கின்றனர். அது பெரும்பாலும் லென்ஸின் முன் தொங்கிய கேமராவின் கைப்பட்டையாகவோ தலைமுடியாகவோ இருக்கும்.

ஒரே படத்தில் இரண்டு கணங்கள்

மூன்றாவது வகையான ஊடுருவித் தெரியும் மனித உருவம் மூன்றிலும் பழமையானது. ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் பிரூஸ்டர், 1856-ஆம் ஆண்டிலேயே இதை உருவாக்கும் வழியை எழுதி வைத்தார். அக்காலத்தில் ஒரு படம் பதியப் பல நொடிகள் தேவைப்பட்டன. அந்த நேரத்தின் ஒரு பகுதி மட்டும் ஒருவர் கேமராவின் முன் நின்றுவிட்டு விலகினால், அவரும் அவருக்குப் பின்னுள்ள சுவரும் ஒரே இடத்தில் பதிவார்கள். பிரூஸ்டர் இதனை ஒரு கேளிக்கையாகவே பரிந்துரைத்தார்.

சில ஆண்டுகளில் அது தொழிலாயிற்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நகைகளுக்குச் செதுக்குவேலை செய்துவந்த வில்லியம் மம்லர், 1860-களின் தொடக்கத்தில் 'ஆவிப் புகைப்படங்கள்' எடுத்துத் தரத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பல குடும்பங்கள் பிள்ளைகளையும் கணவர்களையும் பறிகொடுத்த காலம் அது. உறவினரை இழந்தவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, அவருக்குப் பின்னால் மங்கலான உருவம் ஒன்று நிற்கும் படங்களுக்கு மக்கள் பெரும் கட்டணம் செலுத்தினர். மம்லர் காட்டிய 'ஆவிகளில்' சிலர் பாஸ்டனில் உயிரோடு இருப்பது தெரியவந்ததும் அவர் மீது ஐயம் எழுந்தது. நியூயார்க் சென்ற அவர், 1869-இல் மோசடிக் குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். இரட்டைப் பதிவு முறையில் இத்தகைய படங்களை எப்படி எடுக்கலாம் என்று புகைப்படக் கலைஞர்கள் அங்கு விளக்கினர். எனினும் மம்லர் எந்த முறையைக் கையாண்டார் என்பதை மெய்ப்பிக்க இயலாததால் அவர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி லிங்கனும் அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். கணவரின் உருவம் அவருடைய தோள்களில் கைவைத்து நிற்பதாக அப்படம் காட்டியது.

பிரிட்டனில் இதே தொழிலைச் செய்துவந்த வில்லியம் ஹோப்பிடம், 1922-இல் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர் வேறு விதமாகச் சோதனை நடத்தினார். ஹோப்பிடம் தரப்பட்ட புகைப்படத் தகடுகளில் எக்ஸ் கதிர் கொண்டு முன்கூட்டியே ரகசியக் குறி பதிக்கப்பட்டிருந்தது. தகட்டைக் கழுவும்போதுதான் அக்குறி தெரியவரும். 'ஆவி' தோன்றிய தகட்டில் குறி இல்லை. தரப்பட்ட தகட்டுக்குப் பதிலாக, ஏற்கெனவே உருவம் பதிந்த வேறு தகட்டை ஹோப் வைத்திருக்கிறார் என்பது இதனால் வெளிப்பட்டது.

ஃபிலிம் கேமராக் காலத்தில் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே இரட்டைப் பதிவு நேர்ந்தது. சில கேமராக்களில் சுருளை நகர்த்த மறந்து மீண்டும் பொத்தானை அழுத்தினால், முந்தைய படத்தின் மீதே அடுத்த படமும் பதிந்துவிடும். பழைய திருமண ஆல்பங்களில் மணமேடைக்கு மேல் மிதக்கும் அறிமுகமில்லாத முகங்கள் சில இவ்வாறு வந்தவையே.

டிஜிட்டல் கேமராவில் சுருள் இல்லை என்றாலும் பதிவு நேரம் என்பது இன்னும் இருக்கிறது. முக்காலியில் வைத்த கேமரா 2 நொடிகள் பதிவு செய்கிறது என்று கொள்வோம். ஒருவர் அரை நொடி மட்டும் நின்றுவிட்டு விலகுகிறார். அந்த இடத்தில் மொத்த நேரத்தில் கால் பங்கு அவருடைய உருவமும் முக்கால் பங்கு பின்னுள்ள சுவரும் பதியும். சுவரின் ஒவ்வொரு கல்லும் தெரியும்படியான மெல்லிய மனித உருவமே விளைவு. அவர் நடந்துகொண்டே இருந்தால் உருவம் புகைப்படலமாக நீளும். தரையில் ஊன்றிய பாதங்கள் சற்றுக் கூடுதல் நேரம் அசையாமல் இருப்பதால் உடல் மறைந்து பாதங்கள் மட்டும் தெரிவதும் உண்டு.

செல்பேசிகளின் இரவுப் பயன்முறை இதன் புதிய வடிவம். அது அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைக்கிறது. இடையில் யாரேனும் குறுக்கே சென்றால் அவருடைய விளிம்புகள் இரட்டிப்பாகலாம், தலை மங்கலாம், சில வேளைகளில் அவர் பாதி மட்டும் எஞ்சலாம். பான்கர் போன்ற இடத்தில் மாலையில் எடுத்த படத்தில் அறிமுகமில்லாத உருவம் தெரிந்தால், அந்நேரத்தில் வாயிலைக் கடந்து சென்ற மற்றொரு சுற்றுலாப் பயணியையே முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூலக் கோப்பு ஏன் தேவை?

ஒவ்வொரு டிஜிட்டல் படத்துடனும் அது எடுக்கப்பட்ட விவரங்கள் சேமிக்கப்படுகின்றன. ஃபிளாஷ் எரிந்ததா, பதிவு நேரம் எவ்வளவு, துளை எண் என்ன, எந்த நாளில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பவற்றைப் படத்தின் விவரப் பகுதியில் காணலாம். வெண்ணிற வட்டம் உள்ள படத்தில் ஃபிளாஷ் எரிந்திருந்தால் தூசு, மழைத்துளி அல்லது பூச்சி என்ற விளக்கம் வலுப்பெறும். ஃபிளாஷ் எரியாத படத்தில் விளக்கு ஏதேனும் இருந்தால் உள் பிரதிபலிப்பைச் சோதிக்க வேண்டும். ஊடுருவித் தெரியும் உருவம் உள்ள படத்தில் பதிவு நேரம் நொடியில் 10-இல் ஒரு பங்கையோ அதற்கு மேலோ எட்டியிருந்தால் நகர்ந்த மனிதர் என்பதே பொருத்தமான விளக்கம்.

வாட்ஸ்ஆப் வழியாகச் சாதாரண முறையில் அனுப்பப்படும் படங்களில் இந்த விவரங்கள் நீக்கப்பட்டு, படமும் சுருக்கப்பட்டுவிடுகிறது. பலமுறை பகிரப்பட்ட படத்தில் தூசு வட்டத்துக்குள் கண், மூக்கு, வாய் போன்ற திட்டுகள் தோன்றுவதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம். தெளிவற்ற திட்டுகளில் முகத்தைத் தேடுவது மனித மூளையின் இயல்பு என்பதால், ஒருவர் 'முகம்' என்று சொன்னதும் மற்றவர்களுக்கும் முகமே தெரிகிறது. மேலும், ஓர் உருவம் பின்னர் ஒட்டப்பட்டதா என்பதையும் பகிரப்பட்ட நகலைக் கொண்டு உறுதியாகக் கூறுவது கடினம். எனவே எந்தச் சோதனைக்கும் எடுத்தவரின் கருவியில் உள்ள மூலக் கோப்பும், அதற்கு முன்னும் பின்னும் அவர் எடுத்த படங்களும் தேவை. கோளம் உண்மையில் பாட்டியின் தலைக்கு மேல் இருந்திருந்தால் ஒரு நொடி கழித்து எடுத்த படத்திலும் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு. தூசாக இருந்தால் இடம் மாறியோ மறைந்தோ போயிருக்கும்.

இதைவிட வலுவான சோதனையும் உண்டு. இரண்டு கேமராக்களைச் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் படம் எடுக்க வேண்டும். 2.5 மீட்டர் தொலைவில் உள்ள பொருள் இரண்டு படங்களிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தெரியும். லென்ஸுக்கு 6 சென்டிமீட்டர் முன்னுள்ள தூசு ஒன்றில் தெரிந்தால் மற்றதில் தெரியாது, அல்லது வெகுவாக இடம் மாறியிருக்கும்.

படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாதவையும் உண்டு. அந்தத் துகள் புழுதியா, மகரந்தமா, பஞ்சிழையா என்று வட்டத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது, ஏனெனில் அந்த வட்டம் துளையின் வடிவமே அன்றித் துகளின் வடிவம் அன்று. மூலக் கோப்பு இல்லாத படத்துக்குச் சாத்தியமான விளக்கங்களைத்தான் தர முடியும். ஒரு படத்துக்கு உடனடியாக விளக்கம் கிடைக்கவில்லை என்பதால் அது ஆவி என்றும் ஆகிவிடாது.

படம் சான்றாக மாறும்போது

குடும்பப் படத்தில் தெரியும் வட்டத்தைத் தாத்தாவாகக் கருதி ஒருவர் ஆறுதல் அடைந்தால் அதனால் பிறருக்குத் தீங்கில்லை. அதே வட்டம் 'சான்று' என்று காட்டப்பட்டு, பரிகாரத்துக்குப் பணம் கேட்கப்படும்போதோ, ஒரு வீட்டின் மீதோ ஒரு பெண்ணின் மீதோ பழி சுமத்தப்படும்போதோ நிலைமை மாறிவிடுகிறது. சூனியக்காரி என முத்திரை குத்திப் பெண்கள் தாக்கப்படுவதைத் தடுக்க பிகார் 1999-இலும் ஜார்க்கண்ட் 2001-இலும் தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன. பகுத்தறிவாளர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மகாராஷ்டிரத்தில் நரபலி, மாந்திரீகம் ஆகியவற்றின் பெயரால் இழைக்கப்படும் கொடுமைகளுக்கு எதிரான சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமானுஷ்ய ஆற்றல் இருப்பதாகக் கூறி மக்களை ஏமாற்றுவதும் அச்சுறுத்துவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும்.

அத்தகைய படம் ஒன்று கையில் தரப்பட்டால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஃபிளாஷ் எரிந்ததா? படத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ விளக்கு இருந்ததா? பதிவு நேரம் எவ்வளவு? மூலக் கோப்பைக் காட்ட மறுப்பவர் தரும் படத்தை நம்பிப் பணம் தரவோ யாரையும் ஐயுறவோ வேண்டியதில்லை. கோட்டை வாயிலில் படம் எடுத்த குடும்பம் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள மீண்டும் பான்கர் செல்லவும் வேண்டாம். இருட்டறையில் தலையணை ஒன்றைத் தட்டி, எழும் தூசின் நடுவே அதே கேமராவை ஃபிளாஷுடன் இயக்கினால், பாட்டியின் தலைக்கு மேல் தெரிந்த வட்டத்தைப் போன்றே பல வட்டங்கள் அந்தப் படத்தில் தெரியும்.